சனிக்கிழமை மார்னிங் ட்யூட்டி பத்தி

மேடம் குட் ஈவினிங். மெசேஜ்ல சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நேர்ல வந்தா நீங்க ரெண்டு வார்த்தை சொன்னதும் சரி மேடம்னு தலைய ஆட்டிட்டு வந்துருவேன், அது உங்களுக்கே தெரியும். நேத்து போன்லயும் அதான் ஆச்சு, நீங்க சனிக்கிழமை வர முடியுமான்னு கேட்டதுக்கு "பாக்குறேன் மேடம்"னு இழுத்தேன், அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும், அது என் தப்புதான். இன்னிக்கு ட்யூட்டி முடிஞ்சு கெளம்புறப்ப லேப் ரோஸ்டர பாத்தா சனிக்கிழமை கட்டத்துல என்னோட "ஆஃப்" மேல ஒயிட்னர் அடிச்சு "மார்னிங்"னு எழுதியிருக்கு. தொட்டு பாத்தேன், விரல்ல ஒட்டுச்சு.

அதான் இன்னிக்கே சொல்லிடுறேன். சனிக்கிழமை பண்டிகை அன்னிக்கு என்னால வர முடியாது மேடம்.

லீவு போட்ட அக்கா மேல எனக்கு வருத்தமே இல்ல, பிள்ளைய அட்மிட் பண்ணிட்டு அவங்க எப்படி வருவாங்க. ஆனா போன ரெண்டு பண்டிகைக்கும் நான்தான் ட்யூட்டி பாத்தேன், ரெண்டுமே வேற ஆள் இல்லன்னு கடைசி நேரத்துல கேட்டதுதான், ரெண்டு தடவையும் வந்தேன். இந்த தடவை அண்ணன் குடும்பத்தோட வர்றாங்க, மூணு வருஷம் கழிச்சு நாங்க எல்லாரும் ஒண்ணா இருக்க போறோம், அதுக்காகத்தான் போன மாசமே உங்ககிட்ட கையெழுத்து வாங்கி வெச்சேன். இப்ப போய் அம்மாகிட்ட இந்த தடவையும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

சும்மா வரமாட்டேன்னு சொல்லிட்டு உங்கள அம்போன்னு விடல மேடம், ஆள பேசிட்டுதான் இத அனுப்புறேன். நம்ம நைட் தம்பிக்கு சனிக்கிழமை ஆஃப், அவங்க வீட்ல இந்த பண்டிகை கிடையாது. கேட்டேன், சனிக்கிழமை காலைல ஏழுலேர்ந்து ரெண்டு வரைக்கும் அவன் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டான். பதிலுக்கு அவனோட ஞாயித்துக்கிழமை நைட்ட நான் எடுத்துக்கிறேன், ராத்திரி எட்டுலேர்ந்து திங்கட்கிழமை காலைல ஏழு வரைக்கும். திங்கட்கிழமை எனக்கு வீக்லி ஆஃப், அதனால நைட் முடிச்சு உடனே மார்னிங் நிக்கிற தொல்லையும் இல்ல, அன்னிக்கு பகல்ல தூங்கிக்கிறேன். இதுக்கு காம்ப் ஆஃபும் கேக்க மாட்டேன்.

உங்களுக்கு ஒரு யோசனை வரும், அவன் தனியா மார்னிங் பாத்தது இல்லையேன்னு. பண்டிகை அன்னிக்கு நமக்கு ஓபி கிடையாது, கேஷுவாலிட்டியும் வார்டு சாம்பிளும்தான், நைட்ல அவன் தினமும் பாக்குறது அதேதானே. நைட்ல இல்லாத வேலைன்னா காலைல ரெண்டு லெவல் கன்ட்ரோல் ஓட்டி பாக்குறது ஒண்ணுதான், அத வெள்ளிக்கிழமை அவன் சாயங்காலம் வந்தான்னா கூட நின்னு ஒரு தடவை ஓட்ட வெச்சுடுறேன். அன்னிக்கு ஈவினிங் ட்யூட்டி என்னோடதுதான், எட்டு மணிக்கு ஹேண்டோவர் குடுக்குறதுக்குள்ள எலக்ட்ரோலைட் மெஷின்ல பேக் மாத்தி கேலிப்ரேஷன் முடிச்சிருப்பேன், ரீஏஜென்ட் எல்லாம் ஃபுல் பண்ணிருப்பேன், கன்ட்ரோல் எந்த ரேக்ல இருக்கு, எப்ப ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்து வெக்கணும்னு எழுதி மெஷின் மேலயே ஒட்டிடுறேன். கன்ட்ரோல் ரேஞ்சுக்கு வெளிய போச்சுன்னா பேஷன்ட் ரிசல்ட் எதையும் விடக்கூடாதுன்னு அவனுக்கு தெரியும். ஹீமோலைஸ் ஆன சாம்பிள்ல பொட்டாசியம் பொய்யா ஏறி காட்டும், போன வாரம் கூட அப்படி வந்த ஒண்ண அவன்தான் பிடிச்சு வேற சாம்பிள் கேட்டான், பையன் தேறிட்டான் மேடம்.

கோவாகுலேஷன் மெஷின்தான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் தடுமாறும். அதுக்கு மட்டும் காலைல ஏழுலேர்ந்து ஒன்பது வரைக்கும் போன கையிலயே வெச்சிருக்கேன், கூப்பிட்டா சொல்லி குடுக்குறேன். ஆனா போன்ல மட்டும்தான், கெளம்பி வர மாட்டேன், அத இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் நீங்க நம்பி ஏமாறக்கூடாது.

அவன் வேணாம்னு நினைச்சீங்கன்னா இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை மார்னிங் இருக்கிற அண்ணன சனிக்கிழமைக்கு கேட்டு பாருங்க, அவரோட ஞாயித்துக்கிழமைய நான் எடுத்துக்கிறேன், தேவைன்னா ஈவினிங்கும் சேத்து ராத்திரி எட்டு வரைக்கும் நிக்கிறேன். அவர்கிட்ட நான் இன்னும் பேசல, நீங்க கேட்டா மறுக்க மாட்டார்னு நினைக்கிறேன். ரெண்டுல ஒண்ணு மட்டும் மேடம், ரெண்டும் சேத்து போட்டுடாதீங்க 😅

தம்பிக்கும் பிளான் பண்ணணும்ல, அதனால நாளைக்கு மதியத்துக்குள்ள சரின்னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. ஸ்வாப் ஃபார்ம்ல நாங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு உங்க டேபிள் மேல வெச்சுடுறோம், உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ரோஸ்டர்ல அந்த கட்டத்த நீங்களே மாத்திடுங்க மேடம், நான் ஒயிட்னர் எடுத்தா நல்லா இருக்காது.