தடுப்பூசிப் பதிவேடும் சுகாதாரச் சான்றிதழும்: ஜேர்மன் மொழியிலிருந்து தமிழாக்கம் (தரம் 1 அனுமதிக்காக)

சுகாதார வைத்திய அதிகாரி, நல்லூர்
பாடசாலை அதிபரின் பார்வைக்கும்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

எஸ்ஸென் நகரில் பிறந்து, பெற்றோருடன் யாழ்ப்பாணம் திரும்பியிருக்கும் செல்வி நிலானி கஜேந்திரனின் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தையும் சிறுவர் மருத்துவர் கொடுத்த சான்றிதழையும் தமிழாக்கி இத்துடன் இணைத்துள்ளேன். 2026 ஆம் ஆண்டு தரம் 1 அனுமதிக்கு இவை வேண்டும்.

நமது குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு ஊசிகளை வயதின்படி வரிசைப்படுத்துகிறது. ஜேர்மன் புத்தகத்திலோ திகதிக்கு ஒரு நிரை, நோய்க்கு ஒரு நிரல், பக்கத்தில் மருந்தின் ஒட்டுச்சீட்டு. இன்ன ஊசி என்று எங்கும் எழுதியிருக்காது. நிரல்களில் இட்ட சரி அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் இன்னொரு பிள்ளையின் புத்தகத்தை மருந்தின் வணிகப் பெயரை மட்டும் எழுதி மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஈரலழற்சி பி ஊசி போடவேயில்லை என்று ஒரு பணிமனையில் சொல்லிவிட்டார்கள். ஆறு நோய்க்கான ஒரே ஊசிக்குள் அது இருந்தது. அந்தத் தாய் கைக்குழந்தையோடு மூன்று முறை அலைந்தார். அதனால் இம்முறை ஒவ்வொரு ஊசிக்குள்ளும் என்னென்ன இருக்கின்றன என்பதையும் பிரித்து எழுதியிருக்கிறேன்.

பகுதி 1: தடுப்பூசிப் புத்தகம்

(முன் அட்டை) தடுப்பூசி தொடர்பான சர்வதேசச் சான்றிதழ்களும் தடுப்பூசிப் புத்தகமும்
பெயர்: நிலானி கஜேந்திரன்
பிறந்த திகதி: 18.07.2020 (2020 ஜூலை 18)
பிறந்த இடம்: எஸ்ஸென், ஜேர்மனி
மஞ்சள் காய்ச்சலுக்கான பக்கம்: வெறுமை

| மூலத்தில் உள்ள திகதி | மாதம் சொல்லில் | வயது | மருந்து | எந்த நோய்க்கு | தடவை |
|---|---|---|---|---|---|
| 01.09.2020 | 2020 செப்டெம்பர் 1 | 6 கிழமை | ரொட்டாரிக்ஸ் (வாய்வழிச் சொட்டு) | ரொட்டா வைரஸ் வயிற்றோட்டம் | 1 |
| 29.09.2020 | 2020 செப்டெம்பர் 29 | 2 மாதம் | இன்பன்ரிக்ஸ் ஹெக்ஸா | தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, குக்கல், போலியோ, ஹிப், ஈரலழற்சி பி | 1 |
| 29.09.2020 | 2020 செப்டெம்பர் 29 | 2 மாதம் | பிரெவெனார் 13 | நியூமோகொக்கஸ் | 1 |
| 29.09.2020 | 2020 செப்டெம்பர் 29 | 2 மாதம் | ரொட்டாரிக்ஸ் (வாய்வழிச் சொட்டு) | ரொட்டா வைரஸ் வயிற்றோட்டம் | 2 |
| 01.12.2020 | 2020 டிசெம்பர் 1 | 4 மாதம் | இன்பன்ரிக்ஸ் ஹெக்ஸா | மேற்படி ஆறு நோய்கள் | 2 |
| 01.12.2020 | 2020 டிசெம்பர் 1 | 4 மாதம் | பிரெவெனார் 13 | நியூமோகொக்கஸ் | 2 |
| 05.07.2021 | 2021 ஜூலை 5 | 11 மாதம் | இன்பன்ரிக்ஸ் ஹெக்ஸா | மேற்படி ஆறு நோய்கள் | 3 |
| 05.07.2021 | 2021 ஜூலை 5 | 11 மாதம் | பிரெவெனார் 13 | நியூமோகொக்கஸ் | 3 |
| 09.08.2021 | 2021 ஓகஸ்ட் 9 | 12 மாதம் | பிரயோரிக்ஸ் | சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா | 1 |
| 09.08.2021 | 2021 ஓகஸ்ட் 9 | 12 மாதம் | வரில்ரிக்ஸ் | கொப்புளிப்பான் | 1 |
| 06.09.2021 | 2021 செப்டெம்பர் 6 | 13 மாதம் | நைஸ்வாக்-சி | மெனிங்கோகொக்கஸ் சி | 1 |
| 08.11.2021 | 2021 நவெம்பர் 8 | 15 மாதம் | பிரயோரிக்ஸ்-டெட்ரா | சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான் | 2 |
| 18.08.2025 | 2025 ஓகஸ்ட் 18 | 5 வருடம் 1 மாதம் | பூஸ்ட்ரிக்ஸ் | தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, குக்கல் | மேலதிக ஊசி |

எல்லா நிரைகளிலும் மருத்துவரின் கையொப்பமும் நீள்சதுர முத்திரையும் உண்டு. முத்திரையில் "சிறுவர் மருத்துவம், எஸ்ஸென்" என்பது தெளிவு. மருத்துவரின் பெயர் மை மங்கி வாசிக்க முடியாதபடி இருக்கிறது.

பகுதி 2: மருத்துவச் சான்றிதழ்

எஸ்ஸென், 20.10.2025 (2025 ஒக்டோபர் 20)

18.07.2020 அன்று பிறந்த நிலானி கஜேந்திரனை இன்று பரிசோதித்தேன். உயரம் 110 செ.மீ., நிறை 18.4 கி.கி. பார்வையும் கேள்வியும் வயதுக்கு ஏற்றவாறு உள்ளன. இதயம், நுரையீரல், வயிறு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை. தொற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. விமானப் பயணத்துக்கும் பாடசாலைக்கும் தகுதியானவர்.

ஒவ்வாமை: நிலக்கடலை. உண்டால் உடல் தடித்தலும் மூச்சுத் திணறலும் ஏற்படலாம். அவசர மருந்தாக 0.15 மில்லிகிராம் அட்ரினலின் தானியங்கி ஊசி எப்போதும் பிள்ளையின் அருகில் இருக்க வேண்டும்.

(கையொப்பம், முத்திரை)

மொழிபெயர்ப்பாளரின் குறிப்புகள்

வயது, தடவை ஆகிய இரு நிரல்களும் மூலத்தில் இல்லை. திகதிகளைக் கொண்டு நான் கணக்கிட்டுச் சேர்த்தவை.

ஜேர்மன் முறையில் நாள் முதலில், மாதம் அடுத்து, வருடம் கடைசியில். இதை மாற்றி வாசித்தால் விபரீதம் நேரும். 09.08.2021 செப்டெம்பர் 8 ஆகவும், 08.11.2021 ஓகஸ்ட் 11 ஆகவும் மாறிவிடும். அப்போது சின்னமுத்து ஊசியின் இரண்டாம் தடவை முதலாவதற்கு முன்னரே போடப்பட்டதாகக் காட்டும். 01.12.2020 பிள்ளை பிறப்பதற்கு முந்திய ஜனவரிக்குப் போய்விடும். இதற்காகவே மாதத்தைச் சொல்லில் எழுதினேன்.

சான்றிதழில் நிறை 18,4 என்று இருக்கிறது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான் இடுவார்கள்.

2021 செப்டெம்பர் 6 நிரையில் சரி அடையாளம் இரு நிரல்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் நியூமோகொக்கஸ், மறுபக்கம் மெனிங்கோகொக்கஸ். ஒட்டுச்சீட்டில் நைஸ்வாக்-சி என்று தெளிவாக இருப்பதால் மெனிங்கோகொக்கஸ் சி என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தின் ஒளிப்பிரதியை இணைத்துள்ளேன். தயவுசெய்து நீங்களும் ஒருமுறை பாருங்கள். தொகுதி இலக்கங்களை நான் திருப்பி எழுதவில்லை. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பயனில்லாது போகும் என்பதால் ஒட்டுச்சீட்டுகளின் ஒளிப்பிரதியையே வைத்திருக்கிறேன்.

நோயின் பெயர்களில் ஓர் இடறல் உண்டு. ஊரில் ருபெல்லாவை ஜேர்மன் சின்னமுத்து என்பவர்களும் இருக்கிறார்கள். ஜேர்மன் புத்தகத்திலோ சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் வெவ்வேறு நிரல்கள். இரண்டிலும் இரு தடவைகள் குறிக்கப்பட்டுள்ளன.

இந்தப் புத்தகத்தில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பீ.சீ.ஜீ. இல்லை. காசநோய்க்கான அந்த ஊசியை ஜேர்மனியில் 1998 முதல் பரிந்துரைப்பதில்லை. ஆகவே கையில் தழும்பைத் தேடினால் கிடைக்காது. ஜப்பானிய மூளையழற்சி ஊசியும் இல்லை. போலியோ மூன்று தடவையும் ஊசியாகவே போடப்பட்டிருக்கிறது, வாய்வழிச் சொட்டு ஒருமுறையும் இல்லை. 2025 இல் போட்ட மேலதிக ஊசியில் போலியோ இல்லை. இவற்றில் எதை இங்கே போட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே போட்டது பிள்ளைக்கு மீண்டும் போடப்படக்கூடாது, விடுபட்டதும் மறைந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

அதிபர் அவர்களுக்கு: நிலக்கடலை என்பது நமது கச்சான். வகுப்பாசிரியருக்கும் சிற்றுண்டிச்சாலையில் உள்ளவர்களுக்கும் இந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். வறுத்த கச்சான் மட்டுமல்ல, கச்சான் அல்வா, கச்சான் எண்ணெயில் பொரித்தவை எல்லாவற்றையும் குறித்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும்படி தாயார் வேண்டுகிறார். தானியங்கி ஊசி பிள்ளையின் பையின் முன் அறையில் சிவப்பு உறைக்குள் இருக்கும்.

உறுதியுரை

மேலுள்ள தமிழாக்கம் என்னிடம் காட்டப்பட்ட மூலப் பிரதிகளுக்கு முழுமையாகவும் உண்மையாகவும் ஒத்தது என உறுதிப்படுத்துகிறேன். தடுப்பூசிப் பக்கங்களில் 13 பதிவுகளும் 8 திகதிகளும் உள்ளன. மூலத்துடன் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ம. தவராணி
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் (ஜேர்மன் – தமிழ்)
யாழ்ப்பாணம், 2025 நவெம்பர் 17

இணைப்பு: தடுப்பூசிப் பக்கங்களின் ஒளிப்பிரதி, சான்றிதழின் ஒளிப்பிரதி