பால் எடுக்க இரண்டு இடைவேளையும் ஒரு தனியறையும் கேட்டு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஷைனி,
பருப்பு உரிப்புப் பிரிவு.
வீடு: அருமனை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
முந்திரி ஆலை,
மார்த்தாண்டம்.

நாள்: 7-1-2026

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஜூலை 21-ஆம் தேதி தொடங்கிய என் 26 வார மகப்பேறு விடுப்பு, பொங்கல் கழிந்து ஜனவரி 18-ஆம் தேதியோடு முடிகிறது. 19-ஆம் தேதி திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வேலைக்கு வந்துவிடுவேன். ஆகஸ்ட் 18-ல் பிறந்த என் மகளுக்கு அன்றைக்கு ஐந்து மாதம் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், அதன்பிறகும் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதுவரை கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பகலில் மாமி பார்த்துக்கொள்வார்கள். நான் பிழிந்து கொண்டுபோகிற பாலை மறுநாள் புகட்டுவார்கள்.

மூத்தவனைப் பெற்று இதே வேலைக்குத் திரும்பியபோது நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அப்போது தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கக்கூசுக்குள் நின்றபடி பிழிந்து கீழே ஊற்றுவேன். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். இரண்டாவது வாரம் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலில் மூன்று நாள் லீவு. அடுத்த மாதத்துக்குள் பால் நின்றே போனது. பிறகு டப்பாப் பால்தான். அந்தச் செலவை நான் கணக்குப் பார்த்ததில்லை, பார்க்கவும் மனசில்லை. குழந்தை குடிக்கிற நேரத்துக்குப் பாலை வெளியேற்றாவிட்டால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறைந்துகொண்டே போகும் என்பதை நர்ஸம்மா சொல்லித்தான் இந்த முறை புரிந்துகொண்டேன்.

அதனால் கேட்பது இது: காலை பத்தரைக்கும் மாலை மூன்று மணிக்கும் 25 நிமிடம் வீதம் இரண்டு இடைவேளை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எடுத்துக்கொள்வேன், அதற்குத் தனியாக நேரம் வேண்டாம். 25 நிமிடம் எதற்கு என்று சூப்பர்வைசர் அக்கா கேட்கக்கூடும். கையில் ஒட்டிய தொலியையும் எண்ணெயையும் சோப்புப் போட்டுக் கழுவவே ஐந்து நிமிடம் ஆகும். உடைப்புப் பக்கம் போய்வந்த கையென்றால் இன்னும் கூடுதல். அந்தக் கையோடு குழந்தைக்கான பாலைத் தொட முடியாது.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருந்தது. அந்த இடைவேளைக்காகக் கூலி பிடிக்கக் கூடாது என்று 13-ஆம் பிரிவு சொன்னது. கடந்த நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த இடைவேளை உண்டு. என் மகளுக்கு வரும் நவம்பர் 18-ல் 15 மாதம் ஆகும். ஆக, கேட்பது பத்து மாதத்துக்கு மட்டும்தான். எனக்குக் கிலோக் கணக்கில் கூலி என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 50 நிமிடத்தில் உரிக்க முடியாமல் போகிற பருப்புக்கு, அன்றைய என் உரிப்பின் சராசரியை வைத்துக் கூலி சேர்த்துத் தர வேண்டுகிறேன். கிலோ குறைந்த நாளில் பெயரைச் சிவப்பில் எழுதும் பழக்கத்தையும் எனக்கு அந்த மாதங்களில் விட்டுத்தர வேண்டும்.

இடம் பற்றி. பேக்கிங்குக்குப் பின்னால் காலி டின் அடுக்கியிருக்கும் சின்ன அறை போதும். டின்களை ஒரு சுவரோடு ஒதுக்கினால் ஒரு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் தாராளமாக விழும். கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி வேண்டும். ஜன்னல் லோடு ஏற்றுகிற முற்றத்தைப் பார்த்து இருப்பதால் அதற்குத் திரை வேண்டும், அதை நானே தைத்துக் கொண்டுவருகிறேன். கைப்பம்பு என்பதால் கரண்ட் தேவையில்லை. பாலை வைக்க ஆபீஸ் ஃபிரிட்ஜும் வேண்டாம், ஐஸ் கட்டி போட்ட பெட்டி கையில் இருக்கும். சாவி மட்டும் பெண்களில் ஒருவரிடம் இருக்கட்டும், வாட்ச்மேன் அண்ணனிடம் போய்ச் சாவி கேட்டு நிற்க எனக்குக் கூச்சம்.

அறை கட்டாயம் என்று அந்த 11-ஆம் பிரிவில் எழுதியிருக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கதவில்லாமல் இடைவேளை மட்டும் கிடைத்தால் நான் மறுபடி கக்கூசுக்குத்தான் போக வேண்டும். 2015-லேயே தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார் பாலூட்டும் அறை திறந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளுக்கு உள்ளது, நாள் முழுக்க உட்கார்ந்து உரிக்கிறவளுக்கும் இருக்கலாமே. உரிப்பில் மட்டும் 40 பெண்களுக்கு மேல் இருக்கிறோம், அடுத்த பிரசவம் யாருடையது என்று உங்களுக்கும் தெரியும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகமே வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை இந்த விண்ணப்பத்தில் நான் கேட்கவில்லை.

வரும் 12-ஆம் தேதி திங்கட்கிழமை மதியம் மாமியிடம் குழந்தையை விட்டுவிட்டு ஆலைக்கு வருகிறேன். நேரம் இருந்தால் அறையைச் சேர்ந்து பார்த்துவிடலாம். உங்கள் பதிலை எழுத்தில் தந்தால் சூப்பர்வைசர் அக்காவிடம் காட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஷைனி

இணைப்பு: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்