ஐந்து கிலோமீட்டர்தானே, சைக்கிளிலேயே போவோம்!

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை அலுவலக ஊழியர்களுக்கு அழைப்பு
செவ்வாயும் வெள்ளியும் சைக்கிள்: 2026 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை முதல்

தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம்மில் பலர் சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், ஆதம்பாக்கம், அசோக் நகர் பகுதிகளில் குடியிருக்கிறோம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே பலருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு சிறிய தூரத்தைக் கடக்க, ஒருவர் மட்டும் அமர்ந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்னலில் நிற்க, அவற்றின் இடுக்குகளில் பைக்குகள் நுழைய, நடுவே பேருந்தும் நகர முடியாமல் தவிப்பதைத்தான் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறோம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதிப்பவர் இதே ஐந்து கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் கடந்துவிடுவார். சிக்னல்களுக்காக இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொண்டாலும் அலுவலக நேரத்துக்குக் குறைவிருக்காது.

எல்லோரையும் நாங்கள் அழைக்கவில்லை. தாம்பரத்திலிருந்து வருபவர்களுக்கு மின்சார ரயில்தான் பொருத்தமானது. முழங்கால் வலி உள்ளவர்களும், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர்களும் தங்கள் வசதிப்படியே வரட்டும். அருகில் குடியிருந்தும் வண்டிச் சாவியை எடுப்பவர்களிடம் மட்டுமே வாரத்தில் இரண்டு நாள் கேட்கிறோம்.

பெரிய தொகை மிச்சமாகும் என்று நாங்கள் ஆசை காட்டப் போவதில்லை, ஏனென்றால் பைக்கில் வருபவருக்கு ஒரு நாளைக்கு மிஞ்சுவது ஒரு தேநீரும் வடையும் வாங்கும் அளவுக்கான பணம்தான். உடம்புக்குக் கிடைப்பதோ அதைவிடப் பெரிது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. போக இருபது, வர இருபது என இரண்டு நாளில் 80 நிமிடம் சேர்ந்துவிடுகிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு, தனியாக நேரம் ஒதுக்காமலேயே பாதிக்கு மேல் நிறைவேறுகிறது.

சைக்கிள் நமக்குப் புதியதன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் கற்ற பெண்கள், வயலுக்கும் கல்குவாரிக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பாராமல் தாங்களே மிதித்துப் போனார்கள். அரசு வழங்கிய இலவச சைக்கிளில் பதினொன்றாம் வகுப்புக்குப் போன மாணவ மாணவியர் பலர் இன்று இதே தொழிற்பேட்டையில் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். அன்று பாடப்புத்தகப் பையோடு எதிர்காற்றில் மிதித்த கால்கள் இவை. எனவே மின்தூக்கிகளின் உள்ளே இந்த வாசகத்தை ஒட்டுகிறோம்:

பள்ளிக்குப் போன கால்கள் மறக்கவில்லை, மிதித்துப் பாருங்கள்!

வியர்க்கும் என்பது நியாயமான தயக்கம். ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். மார்கழிக் குளிர் இன்னும் இருக்கும் அந்நாட்களில் எட்டரை மணிக்குள் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். ஒரு சட்டையும் துண்டும் பையில் இருக்கட்டும். சுரிதார் அணிபவர்கள் துப்பட்டாவை இறுக முடிந்துகொள்ளுங்கள். பேன்ட் நுனி செயினில் சிக்காதபடி செயின் கவர் உள்ள வண்டியே நல்லது. பின்விளக்கும் மணியும் தலைக்கவசமும் இல்லாமல் யாரும் வர வேண்டாம், குறிப்பாக மாலை இருட்டிய பின் திரும்புபவர்கள். கத்திப்பாரா மேம்பாலத்தைத் தவிர்த்து உட்சாலைகளிலேயே வாருங்கள்.

அலுவலக நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம். எங்களில் ஒருவர் சைக்கிளில் வந்த முதல் நாளே, நிறுத்த இடமில்லை என்று ஒரு கட்டடத்தின் வாயிலில் தடுக்கப்பட்டு, அதைத் தெருவில் பூட்டிவிட்டு, மாலை வரை அதே நினைப்போடு வேலை பார்த்தார். சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அந்த முன்னுரிமை அலுவலக வாயிலிலும் கிடைக்க வேண்டும் என்பதால், வாகன நிறுத்துமிட முகப்புகளில் இதை எழுத இசைவு தருமாறும், கூரையுள்ள ஓரிடத்தை ஒதுக்குமாறும் வேண்டுகிறோம்:

ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும்!

தனியாக வரத் தயங்குபவர்களுக்காக முதல் நாள் காலை 8.15 மணிக்குச் சைதாப்பேட்டை ரயில் நிலைய வாசலில் ஒரு குழுவும், ஆதம்பாக்கத்திலிருந்து வருபவர்களுக்காகப் பரங்கிமலை ரயில் நிலைய வாசலில் மற்றொரு குழுவும் காத்திருக்கும். நெடுநாள் ஓட்டாத வண்டியாக இருந்தால், திங்கட்கிழமை மாலையே காற்றையும் பிரேக்கையும் சைக்கிள் கடையில் காட்டி வாங்கி வையுங்கள்.