நீராவிக் குழாய் வேலைக்கான சீம்லெஸ் பைப்புகளுக்கு மில் டெஸ்ட் சேர்ட்டிபிக்கற் கோரல்

உருக்கு ஒட்டு வேலைத்தளம்,
பிரதான வீதி,
களுவாஞ்சிகுடி.
2025 பெப்ரவரி 11

விற்பனை முகாமையாளர் அவர்கட்கு,
இரும்புக் குழாய் மொத்த விற்பனை நிலையம்,
பழைய சோனகத் தெரு,
கொழும்பு 12.

மதிப்புக்குரிய ஐயா,

விடயம்: 2025 பெப்ரவரி 3ஆம் திகதி எங்களுக்கு அனுப்பிய 4 அங்குல, 2 அங்குல செடியூல் 40 சீம்லெஸ் பைப்புகளின் மில் டெஸ்ட் சேர்ட்டிபிக்கற்

சம்மாந்துறையில் உள்ள அரிசி ஆலை ஒன்றின் நீராவிக் குழாய் வேலைக்காக உங்களிடம் பைப் எடுத்தோம். 4 அங்குலத்தில் 20, 2 அங்குலத்தில் 30. எல்லாம் 6 மீற்றர் நீளம். லொறி சொன்ன நாளில் வந்தது, எண்ணிக்கையும் சரியாக இருந்தது. அதற்கு நன்றி. பைப்புகள் இப்போது வேலைத்தளக் கொட்டிலில் மரக்கட்டைகள் மேல் கிடக்கின்றன. ஒன்றைக்கூட இன்னும் வெட்டவில்லை. வெட்டாமல் வைத்திருப்பதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் எழுத்தில் தந்த ஓடரில் ஏஎஸ்டிஎம் ஏ106 கிரேட் பி என்று தெளிவாகக் குறிப்பிட்டு, மில் டெஸ்ட் சேர்ட்டிபிக்கற்றும் வேண்டும் என்று எழுதியிருந்தோம். உங்கள் பற்றுச்சீட்டிலோ சீம்லெஸ் பைப், செடியூல் 40 என்று மட்டும்தான் இருக்கிறது, கிரேட் இல்லை. லொறியோடு எந்தத் தாளும் வரவில்லை. அதைச் சொன்னபோது உங்கள் கவுண்டரில் இருக்கும் தம்பி வட்ஸ்அப்பில் ஒரு பிடிஎவ் அனுப்பினார். உடனே அனுப்பினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாள் எங்களிடம் இருக்கிற பைப்புக்கு உரியதல்ல.

அந்தத் தாளில் இருப்பது 6 அங்குலப் பைப், ஹீட் நம்பர் 238410. எங்கள் 4 அங்குலப் பைப்புகள் இருபதிலும் வெள்ளை மையில் அச்சிட்டிருப்பது 241876. 2 அங்குலத்தில் முதற்கட்டுப் பதினைந்திலும் இருப்பது 242093. எதுவும் எதோடும் பொருந்தவில்லை. தாளில் உள்ள கிரேட்டும் ஏ53 கிரேட் பி, எங்கள் பைப்பில் அச்சிட்டிருப்பதோ ஏ106 கிரேட் பி. ஏ53, ஏ106 இரண்டிலும் கிரேட் பி என்றால் குறைந்தபட்ச நெகிழ்வு வலிமை 240 மெகாபஸ்கால், இழுவை வலிமை 415 மெகாபஸ்கால்தான். அதனால் இரண்டும் ஒன்றுதானே என்று பலர் சொல்வார்கள். ஒன்றல்ல. ஏ106 உயர்வெப்ப வேலைக்கென்று வகுத்த தரம். அதில் சிலிக்கன் 0.10 வீதத்துக்குக் குறையக் கூடாது, பொசுபரசும் கந்தகமும் தனித்தனியே 0.035 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ53இல் சிலிக்கனுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை, மற்ற இரண்டுக்கும் எல்லை தளர்வானது. நீங்கள் அனுப்பிய தாளில் சிலிக்கன் 0.04. அந்தத் தாள் எங்கள் பைப்பினுடையதாகவே இருந்திருந்தாலும் நாங்கள் ஓடர் செய்த தரத்துக்கு அது போதாது.

இதைவிட எங்களுக்குப் பெரிய கவலை 2 அங்குலத்தில் இரண்டாவது கட்டு. அந்தப் பதினைந்து பைப்பிலும் கறுப்பு வார்னிஷ் தடிப்பாகப் பூசியிருக்கிறது. தின்னர் துணியால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தோம். சில பைப்பில் கிரேட் பி என்ற எழுத்தின் பின்பாதி மட்டும் தெரிகிறது, மற்றவற்றில் அதுவும் இல்லை. ஹீட் நம்பர் ஒன்றிலும் இல்லை. உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தோம், ஒட்டுக் கோடு எங்கும் தெரியவில்லை. ஆகவே சீம்லெஸ் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் சீம்லெஸ் என்பது பைப் செய்த முறையைச் சொல்கிறதே தவிர, என்ன உருக்கு என்பதைச் சொல்வதில்லை. சீம்லெஸில் கிரேட் ஏயும் உண்டு, அதன் நெகிழ்வு வலிமை 205 மெகாபஸ்கால்தான்.

பிறகு ஒரு பைப்பை எடுத்து நிறுத்தோம். 2 அங்குலம் செடியூல் 40 என்றால் வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர்த் தடிப்பு 3.91 மி.மீ., மீற்றருக்கு 5.44 கிலோ. 6 மீற்றருக்கு 32.6 கிலோ வர வேண்டும். முதற்கட்டில் எடுத்த பைப் 32.4 கிலோ. இரண்டாவது கட்டில் எடுத்தது 29.8 கிலோ. வேறு இரண்டு பைப் மாற்றிப் பார்த்தோம், அவையும் அதே அளவுதான். முனையில் வேர்னியர் பிடித்தால் சுவர் 3.5க்கும் 3.6க்கும் இடையில் நிற்கிறது. தடிப்பில் 12.5 வீதம் வரை குறைவு அனுமதி உண்டு, அதன்படி 3.42 வரை போகலாம், அதனால் தடிப்பை வைத்து நாங்கள் தகராறு செய்யவில்லை. நிறையில்தான் பிரச்சினை. ஏ106இல் ஒரு பைப்பின் நிறை 3.5 வீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதாவது 31.5 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தக் கட்டு அதற்குக் கீழே நிற்கிறது. ஏ53 என்றால் 10 வீதம் வரை குறையலாம், அதற்குள் இது அடங்கும். உங்கள் களஞ்சியத்தில் இரண்டு தரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஏற்றும்போது கட்டு மாறியிருக்கலாம் என்பது என் ஊகம். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை.

எப்படியும் வேலை முடிந்ததும் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்வீர்கள்தானே, அதில் தெரியாதா என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் பதிலையும் எழுதுகிறேன். ஆலையின் கொதிகலன் 10 பாருக்கு வடிவமைத்தது, நாங்கள் 15 பாரில் சோதிப்போம். அந்த அழுத்தத்தில் 2 அங்குலப் பைப்பின் சுவரில் வருகிற இழுவை ஏறக்குறைய 13 மெகாபஸ்கால். தரம் தெரியாத எந்தப் பைப்பும் அதைத் தாங்கிவிடும். அந்தச் சோதனை ஒட்டில் கசிவு இருக்கிறதா என்று சொல்லும், உருக்கு என்னவென்று சொல்லாது. குழாயைக் கெடுப்பது அந்த நேரான அழுத்தமும் அல்ல. 10 பாரில் நீராவி 184 பாகை சூட்டில் இருக்கும். காலையில் குளிர்ந்து கிடக்கிற குழாய்க்குள் அது பாயும்போது குழாய் நீளும், வளைவுகளில் இழுபடும், உள்ளே தேங்கிய தண்ணீர் அடித்துக்கொண்டு போய் முழங்கையில் மோதும். இது அவியல் நடக்கிற ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப நடக்கும். அப்போது முதலில் வெடிப்பது ஒட்டின் ஓரம். அந்த ஓரம் எப்படி இருக்கும் என்பது உருக்கில் உள்ள காபனையும் மங்கனீசையும் பொறுத்தது. அதற்கு நாங்கள் பார்க்கிற காபன் சமானக் கணக்கு இது:

CE = C + Mn/6 + (Cr + Mo + V)/5 + (Ni + Cu)/15

காபன் 0.18, மங்கனீசு 0.50 என்றால் அந்த இரண்டிலிருந்து மட்டும் 0.26 வரும். ஏ106 கிரேட் பி அனுமதிக்கிற உச்சம், அதாவது காபன் 0.30, மங்கனீசு 1.06 என்றால் 0.48. எந்த ஒட்டுக்கம்பி, அதை எவ்வளவு காயவைப்பது, ஒட்டியதை எப்படி ஆறவிடுவது என்பதெல்லாம் இதைப் பார்த்துத்தான் முடிவாகும். சேர்ட்டிபிக்கற் இல்லாமல் என் வெல்டர்மாரிடம் குத்துமதிப்பாக ஒட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆலையில் 4 அங்குலப் பிரதான குழாய் அவியல் தொட்டிகளுக்கு மேலாக ஓடுகிறது. அதற்குக் கீழேதான் ஆட்கள் நாள் முழுக்க நின்று நெல் இறக்குகிறார்கள்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது பைப் செய்த தொழிற்சாலையே வழங்கிய, இஎன் 10204 வகை 3.1 சேர்ட்டிபிக்கற். உங்கள் கடைத்தாளில் நீங்கள் எழுதித் தரும் உறுதிமொழி அதற்கு ஈடாகாது, மன்னிக்க வேண்டும். 241876க்கும் 242093க்கும் தனித்தனி விபரம் வேண்டும். அதில் தொழிற்சாலையின் பெயர், தரத்தின் பெயரும் பதிப்பாண்டும், அளவு, இரசாயனப் பகுப்பு, நெகிழ்வு வலிமை, இழுவை வலிமை, நீட்சி, அழுத்தச் சோதனை அல்லது அதற்கு மாற்றாகச் செய்த சோதனை, 2 அங்குலத்துக்கு வளைவுச் சோதனை, அவர்களுடைய பரிசோதகரின் கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். மூலத்தாள் இறக்குமதியாளரிடம் இருந்தால் பிரதி போதும், ஆனால் எழுத்து வாசிக்கக்கூடியதாக, எந்தப் பக்கமும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஒரே பைப்புக்கு ஏ106, ஏ53 இரண்டும் சேர்த்துக் கொடுத்த சேர்ட்டிபிக்கற் வருவதுண்டு என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அதுவும் சரி.

ஹீட் நம்பர் இல்லாத அந்தப் பதினைந்து பைப்புக்கு இனி எந்தத் தாள் வந்தாலும் அது இந்தப் பைப்புக்குத்தான் என்று காட்ட வழியில்லை. அவற்றை மாற்றித் தாருங்கள். கிழக்குப் பக்கம் வருகிற உங்கள் அடுத்த லொறியில் அனுப்பினால் பழையதை அதிலேயே ஏற்றிவிடுகிறோம். கட்டோடு பத்திரமாக இருக்கிறது.

மற்ற இரண்டு ஹீட்டுக்கும் சேர்ட்டிபிக்கற் எடுக்க முடியாது என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹீட் ஒன்றுக்கு ஒரு துண்டு வெட்டி, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரசாயனப் பகுப்பும் இழுவைச் சோதனையும் செய்விக்கலாம். கையில் பிடித்துச் சுடுகிற எக்ஸ்ரே கருவி இதற்கு உதவாது, அது காபனைக் காட்டாது. துண்டு வெட்டும்போது உங்கள் ஆளும் நிற்க வேண்டும், செலவு உங்களுடையது. ஆலையின் எஞ்சினியரிடம் கேட்டேன். சேர்ட்டிபிக்கற்தான் முதல், அது கிடைக்காவிட்டால் மட்டும் இந்த றிப்போட்டைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

நாளை போயா என்பதால் கடை பூட்டியிருக்கும். வியாழன் காலையில் நான் தொலைபேசியில் அழைக்கிறேன், இறக்குமதியாளரிடம் கேட்டு வைத்தால் நல்லது. 17ஆம் திகதி திங்கட்கிழமைக்குள் தாள் கைக்கு வர வேண்டும். பெரும்போக அறுவடை இங்கே தொடங்கிவிட்டது, ஆலை முற்றத்தில் நெல் மூட்டை இறங்குகிறது, அவியல் தொடங்க ஆலைக்காரர் அவசரப்படுகிறார். திங்களுக்குள் முடியாது என்றால் வேறு இடத்தில் பைப் எடுக்க வேண்டி வரும், உங்கள் பைப்பை அப்படியே திருப்ப வேண்டி வரும். அது இரண்டு பேருக்கும் வீண் லொறிக் கூலி.

மீதிப் பணத்துக்கான காசோலை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு ஹீட்டுக்கும் சரியான சேர்ட்டிபிக்கற் வந்து, மாற்றுக் கட்டும் அதன் தாளோடு இறங்கிய அன்றே அனுப்பிவிடுவேன். அடுத்த மாதம் இன்னொரு ஆலைக்கும் இதே வேலை இருக்கிறது, அதற்கும் உங்களிடமே எடுக்க விருப்பம். அந்த ஓடருக்கு மட்டும் சேர்ட்டிபிக்கற்றை லொறி புறப்படும் முன்பே அனுப்பிவிடுங்கள். இங்கே ஹீட் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று நாங்கள் சொன்ன பிறகு ஏற்றலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உரிமையாளர்,
உருக்கு ஒட்டு வேலைத்தளம், களுவாஞ்சிகுடி.

இணைப்பு: எங்கள் ஓடரின் பிரதி, உங்கள் பற்றுச்சீட்டின் பிரதி, மூன்று கட்டுகளிலும் உள்ள அச்செழுத்தின் படங்கள், நிறுவையும் சுவர்த் தடிப்பும் குறித்த தாள், நீங்கள் அனுப்பிய 6 அங்குலப் பைப்பின் சேர்ட்டிபிக்கற்.