ஜனவரி 6 முதல் நம் ஆன்-கால் முறை

செந்தில் அண்ணன், ஜெபா, நஸ்ரின், ஹேமா எல்லோருக்கும்,

இரவில் வார்டில் சிஸ்டம் நின்றால் யார் நம்பர் கையில் இருக்கிறதோ அவரைக் கூப்பிடுவதுதான் இதுவரை வழக்கம். அதனால் பாதி அழைப்புகள் செந்தில் அண்ணனுக்கே போகின்றன, அவர் லீவில் இருக்கும்போதும். இது இனி கூடாது. நிர்வாகத்திடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை முதல் கீழே உள்ளபடி நடக்கும்.

யார், எப்போது

ஆன்-கால் வாரம் செவ்வாய் காலை 10:30-க்குத் தொடங்கி அடுத்த செவ்வாய் 10:30-க்கு முடியும். திங்களன்று ஓபி கூட்டத்தில் கைமாற்றிக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது, அதனால்தான் செவ்வாய். வேலை நாட்களில் இரவு 8 முதல் காலை 8 வரையும், ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளில் நாள் முழுக்கவும் ஆன்-கால். மற்ற நேரத்தை இப்போதுள்ள ஷிஃப்ட்டே பார்த்துக்கொள்ளும்.

ஜனவரி 6: செந்தில் அண்ணன்
ஜனவரி 13: ஜெபா
ஜனவரி 20: நஸ்ரின்
ஜனவரி 27: நான்
பிப்ரவரி 3, 10, 17, 24: இதே வரிசை
மார்ச் 3: ஹேமா
மார்ச் 10: செந்தில் அண்ணன்
மார்ச் 17: ஜெபா
மார்ச் 24: நஸ்ரின்
மார்ச் 31: நான்

பொங்கல் வாரத்தை ஜெபா தானாக முன்வந்து எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 3 புனித வெள்ளிக்கும் 5 ஈஸ்டருக்கும் அவர் ஊருக்குப் போகலாம். அந்த வாரம் என்னுடையது. மார்ச் 31 நள்ளிரவில் நிதியாண்டு மாறி பில் எண் வரிசை புதிதாகத் தொடங்கும் என்பதால், அன்றிரவு நான் ஆஸ்பத்திரியிலேயே இருப்பேன். ஹேமா சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பிப்ரவரி முடியும்வரை அவர் தனியாக அழைப்பு எடுக்க வேண்டாம். வாரம் ஓரிரு அழைப்புகளில், இரவு 10 மணிக்கு முன் வருபவற்றில் மட்டும், லைனில் கூட இருந்து கவனித்தால் போதும்.

ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு துணை ஆள் உண்டு: அடுத்த வாரம் யாரோ அவர். முந்தைய வாரம் பார்த்தவரைத் துணையாகப் போடுவதுதான் பல இடங்களில் வழக்கம், அவருக்கு விஷயம் தெரியும் என்பதால். ஆனால் அப்படிச் செய்தால் அவருக்கு ஓய்வே கிடைக்காது. அடுத்து வருபவர் துணையாக இருந்தால் நடக்கும் கோளாறுகளை முன்பே தெரிந்துகொண்டு தன் வாரத்துக்குள் நுழைவார், முடித்தவரும் நிம்மதியாகப் போவார். விதிவிலக்கு ஒன்றுதான்: மார்ச் 17 வாரத்தில் ரம்ஜான் வருவதால் நஸ்ரினுக்குப் பதில் நான் துணை.

அழைப்பு எப்படி வரும்

இனி வார்டுகளுக்கு ஒரே எண்: இன்டர்காம் 444. இரவு 8 மணிக்கு ஆபரேட்டர் அதை அந்த வார ஆளின் மொபைலுக்குத் திருப்பிவிடுவார். 10 நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் துணை ஆளுக்கு, அவரும் எடுக்கவில்லை என்றால் எனக்கு. உங்கள் சொந்த நம்பருக்கு நர்ஸ் யாராவது நேரடியாகக் கூப்பிட்டால், "444-க்குப் போடுங்க சிஸ்டர்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். தெரிந்தவர்களிடம் அப்படிச் சொல்வது சங்கடம்தான். ஆனால் ஒருவர் இளகினாலும் பழைய கதைக்கே திரும்பிவிடுவோம்.

எமர்ஜென்சி பதிவு, லேப் மெஷினிலிருந்து ரிசல்ட் வராதது, ஸ்கேன் படம் திறக்காதது, ஐசியூ அல்லது ஆபரேஷன் தியேட்டர் நெட்வொர்க், பார்மசி பில்லிங், டியூட்டி டாக்டரின் லாகின் ஆகியவை இரவிலேயே பார்க்க வேண்டியவை. டோனர் தீர்ந்தது, எக்செல் திறக்கவில்லை, ரிப்போர்ட் வேண்டும் என்பதெல்லாம் டிக்கெட் போட்டுவிட்டுக் காலையில். இந்தப் பட்டியலை நர்சிங் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆன்-கால் வாரத்தில் கல்யாணத்துக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். லேப்டாப் கூட இருக்க வேண்டும், விபிஎன் கிடைக்க வேண்டும், 40 நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அந்த வார ஆளும் துணை ஆளும் ஒரே நேரத்தில் வெளியூர் போகக் கூடாது.

இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒன்று, தூக்கத்திலிருந்து எழுந்த முதல் 15 முதல் 30 நிமிடம் மூளை முழுதாக விழித்திருக்காது. அந்த நேரத்தில் டேட்டாபேஸில் எதையும் தனியாக மாற்றவோ, சர்வரை ரீஸ்டார்ட் செய்யவோ வேண்டாம். துணை ஆளை லைனில் எடுத்து, செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவரை எழுப்புவதில் தயக்கம் வேண்டாம், அதற்காகத்தான் அவர் இருக்கிறார்.

இரண்டாவது, நள்ளிரவில் நேரில் வர வேண்டியிருந்தால் பைக் எடுக்காதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03%தான். டாக்ஸியில் வாருங்கள், டாக்ஸியிலேயே திரும்புங்கள். பில்லை ஆஸ்பத்திரி கொடுக்கும்.

கைமாற்றம்

செவ்வாய் 10:30-க்கு இருவரும் நேரில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஒண்ணும் ஸ்பெஷலா இல்ல" என்று அனுப்புவது கைமாற்றம் ஆகாது. முடிப்பவர் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும், இந்த மாதிரி:

"லேப் இன்டர்ஃபேஸ் சர்வீஸ் வியாழன் இரவு இரண்டு முறை நின்றது. ரீஸ்டார்ட் செய்ததும் ஓடியது. காரணம் இன்னும் தெரியவில்லை, வெண்டரிடம் டிக்கெட் திறந்திருக்கிறது. மூன்றாம் மாடி யுபிஎஸ் பேட்டரி பலவீனம். கரண்ட் போனால் அந்த மாடி சுவிட்ச் சில நிமிடத்தில் நின்றுவிடும், புது பேட்டரி வெள்ளிக்கிழமை வரும். ஞாயிறு அதிகாலை பேக்கப் முழுதாக முடியவில்லை, திங்கள் கையால் ஓட்டி முடித்தேன், ஒரு ஃபைலை ரீஸ்டோர் செய்தும் பார்த்தேன்."

என்ன நடந்தது, என்ன செய்தோம், எது பாதியில் நிற்கிறது, அடுத்து எது உடையலாம் என்பது இதில் வந்துவிடுகிறது. கடைசியாக 444-க்கு ஒரு சோதனை அழைப்பு போட்டு, புது ஆளின் மொபைல் அடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

குறிப்பை நன்றாக எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறிப்பு சரியில்லை என்றால் மறுநாள் லீவில் இருப்பவருக்குத்தான் போன் போகும்.

ஓய்வு

கைமாற்றம் முடிந்ததும் செவ்வாய் மதியம் வீட்டுக்குப் போகலாம். புதன் முழு நாள் சம்பளத்துடன் விடுப்பு. உங்கள் கேஷுவல் லீவில் இது கழியாது. அந்த வாரம் ஒரு அழைப்புகூட வராமல் போயிருந்தாலும் இந்த விடுப்பு உண்டு. போன் அடிக்குமோ என்று ஏழு இரவு காதைத் தீட்டிக்கொண்டு தூங்குவதும் வேலைதான்.

வாரத்தின் நடுவில், இரவு 11-க்கும் காலை 5-க்கும் இடையில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால், கடைசி அழைப்பு முடிந்து 11 மணி நேரம் கழித்து டியூட்டிக்கு வந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் தினசரி ஓய்வுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது. நமக்கும் அதுவே இருக்கட்டும் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். அதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு மெசேஜ் போதும். அன்றைய ஷிஃப்ட்டில் இடம் காலியானால் நான் நிற்கிறேன்.

புதன் விடுப்பைச் சேர்த்து வைக்கவோ காசாக்கவோ முடியாது. அந்த வாரமே எடுக்க வேண்டும். புதனன்று விடுப்பில் இருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது, நான் உட்பட. ஆன்-கால் படி வாரத்துக்கு 2,500 ரூபாய், அந்த மாதச் சம்பளத்தோடு வரும்.

வாரம் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாக நீங்களே பேசி முடிவு செய்து, அட்டவணையில் திருத்திவிட்டு, ஆபரேட்டருக்கும் எனக்கும் சொல்லுங்கள். வீட்டில் உடம்பு சரியில்லை போன்ற அவசரத்துக்கு இந்த இரண்டு நாள் கணக்கு கிடையாது.

டிசம்பர் 30, செவ்வாய் மாலை 4 மணிக்கு உட்கார்ந்து பேசுவோம். யாருக்கு எந்த வாரம் ஒத்துவராது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். இறுதி அட்டவணையை அன்று மாலையே ஆபரேட்டர் அறையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

சரவணன்
ஐடி பிரிவு