கன்றுக்குட்டி எங்கே?
(ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கான ஆண்டு விழா நாடகம், சுமார் 6 நிமிடம்)

நடிப்பவர்கள்: காட்டெருமை அம்மா, கன்று, குரங்கு, அணில், தவளை, காகம், மின்மினி. மூடுபனியாக இரண்டு பேர். மீதிப் பிள்ளைகள் எல்லாரும் சில்வர் ஓக் மரங்கள்.

டீச்சர்களுக்கு: முகமூடி வேண்டாம், வசனம் உள்ளேயே நின்றுவிடும். தலைப்பட்டையில் காதும் கொம்பும் ஒட்டினால் போதும். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே கால் வெள்ளையாக இருக்கும். அதனால் அம்மாவுக்கும் கன்றுக்கும் பழுப்பு உடையும் பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸும். கதையே அந்தச் சாக்ஸில்தான் இருக்கிறது, வெளுத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள். மின்மினிக்கு வசனம் கிடையாது, கையில் ஒரு சின்ன டார்ச் மட்டும். வகுப்பில் பேசவே தயங்கும் பிள்ளைக்கு இந்த வேடத்தைக் கொடுங்கள். கடைசியில் மேடையே அந்தப் பிள்ளை கையில்தான்.

(திரை விலகுகிறது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம், சாயங்காலம். மரங்கள் கையை உயர்த்தி நிற்கின்றன. இடுப்பில் சுற்றிய பச்சை ரிப்பன்தான் மிளகுக் கொடி. அம்மாவும் கன்றும் வருகிறார்கள்.)

அம்மா: கண்ணு, ஏரியில தண்ணி குடிச்சாச்சா?

கன்று: குடிச்சாச்சு அம்மா! வயிறு டம் டம்!

அம்மா: சரி, என் வாலைப் பிடிச்சுக்கிட்டே வா.

மரங்கள் (எல்லாரும்): உஸ்ஸ்ஸ்... பனி வருது! பனி வருது!

(மூடுபனிப் பிள்ளைகள் ஒரு வெள்ளை வேட்டியை இரு முனையிலும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடுவே வருகிறார்கள். வேட்டி தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருக்கட்டும். அம்மா பின்னால் மறைகிறாள். கன்று முன்னால் தனியாக நிற்கிறது.)

கன்று: அம்மா? அம்மா வாலு எங்க?

(உட்கார்ந்து அழுகிறது. குரங்கு குதித்து வருகிறது.)

குரங்கு: கீச் கீச்! ஏன் அழற தம்பி?

கன்று: அம்மாவைக் காணோம்.

குரங்கு: அழாத. இந்தா, ஆரஞ்சுப் பழம்! (உரித்து ஒரு சுளை கொடுக்கிறது. நிஜப் பழமே கொடுங்கள், அந்த வாசனை முன்வரிசை வரைக்கும் போகும்.)

அணில் (ஓடி வந்து): நான் மரத்துல ஏறிப் பாத்தேன் அண்ணா! வெள்ளையாத்தான் இருக்கு!

தவளை (தாவித் தாவி): கொர்ர் கொர்ர்! நான் தரையில பாத்தேன். இங்கயும் வெள்ளைதான்!

(காகம் மேடையை இரண்டு சுற்று சுற்றி, மூச்சு வாங்கி நிற்கிறது.)

காகம்: கா... கா... அடிவாரத்துல இருந்து வரேன். 20 கொண்டை ஊசி வளைவு! தலை சுத்துது!

அணில்: காக்கா அக்கா, உங்களுக்குத்தான் றெக்கை இருக்கே! நேரா பறந்து வரலாமே?

காகம் (றெக்கையைப் பார்த்து): அட ஆமா!

(இங்கே சிரிப்பு வரும். அது அடங்கின பிறகு தவளை பேசட்டும்.)

தவளை: கண்ணுக்குத் தெரியலைன்னா காதுக்குக் கேக்கும்ல? எல்லாரும் சேர்ந்து கூப்பிடலாம்!

குரங்கு: கீச் கீச்!

அணில்: க்ளிக் க்ளிக்!

தவளை: கொர்ர் கொர்ர்!

காகம்: கா கா!

கன்று: ம்ம்மா!

குரங்கு (பார்வையாளர்களிடம்): பத்தாது! நீங்களும் கூப்பிடுங்க!

(எல்லாரும் மூன்று முறை "ம்ம்மா!" அப்புறம் குரங்கு வாயில் விரல் வைக்கிறது. அரங்கம் அமைதி. எவ்வளவு நேரம் ஆனாலும் அமைதி வரும்வரை காத்திருங்கள்.)

அம்மா (வேட்டிக்குப் பின்னாலிருந்து): ம்ம்மா...

கன்று: எங்க அம்மா! ஆனா எந்தப் பக்கம்?

(விளக்குகள் மங்குகின்றன. மின்மினி வருகிறது. டார்ச் மினுக் மினுக். ஒரு மரத்தடி, இன்னொரு மரத்தடி என்று நின்று பார்க்கிறது. பிறகு குனிந்து, வேட்டிக்கு அடியில் வெளிச்சம் அடிக்கிறது. அங்கே இரண்டு வெள்ளை சாக்ஸ்.)

கன்று (துள்ளி எழுந்து): வெள்ளைக் கால்! எங்க அம்மா கால்!

(வேட்டிக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போகிறது.)

மரங்கள்: பனி போகுது! பனி போகுது!

(வேட்டி விலகுகிறது. அம்மாவைக் கன்று கட்டிக்கொண்டு நிற்கிறது.)

அம்மா: எப்படிடா கண்ணு வந்த?

(கன்று மின்மினியைக் கை காட்டுகிறது. எல்லா மிருகங்களும் மின்மினி பக்கம் திரும்பிக் கை தட்டுகின்றன. மின்மினி டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொள்கிறது.)

காகம்: சரி, நான் கிளம்பறேன். இந்தத் தடவை நேரா!

(பறந்து போகிறது. அம்மா முன்னால், வாலைப் பிடித்துக் கன்று, அதன் பின்னால் குரங்கு, அணில், தவளை எல்லாரும் ரயில் மாதிரி மேடையைச் சுற்றி வெளியே போகிறார்கள். டார்ச்சோடு மின்மினி கடைசி. திரை. மரங்களே, இப்போது கையைக் கீழே போடலாம்!)