"சேர், கொஸ்லந்தைப் படம் வந்திருக்கு": இணையத்தில் தேடிச் செய்தியைச் சரிபார்த்தல், தரம் 10 பாடத்திட்டம்

ஜூன் 17, புதன். இரட்டைப் பாடவேளை, 80 நிமிடம். மாணவர் 26 பேர், ஓடுகிற கணினி ஒன்பது. ஆகவே மூவருக்கு ஒன்று, ஒரு குழுவில் மட்டும் இருவர். மழையில் இணைப்பு அறுவது ஹட்டன் பக்கம் புதிதல்ல. தேடல் முடிவுகளை முதல் நாளே அச்செடுத்து மேசையில் வைத்துவிடவும்.

பாடம் முடியும்போது மாணவர் ஒரு தேடலைக் குறைந்தது மூன்று முறை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஒரே மூலத்தைப் பத்துப் பேர் நகலெடுத்தால் அது பத்துச் சான்று ஆகாது என்பதைத் தாங்களே கண்டிருக்க வேண்டும்.

தொடக்கம் (10 நிமிடம்)

இந்த வாட்ஸ்அப் செய்தியைப் பலகையில் எழுதவும். நான் பாடத்துக்காக இட்டுக்கட்டியது என்பதைப் பாதி வழியில் சொன்னால் போதும். ஆனால் வகுப்பை விட்டு வெளியே போகுமுன் கட்டாயம் சொல்லவும்.

> அவசரம்!! கொஸ்லந்தையில் இன்று விடியற்காலை மண்சரிவு. லயம் முழுக்க மண்ணுக்குள். அடுத்தது நம்ம மலைதான் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவிட்டது. எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்புங்கள்.

கூடவே ஒரு படம்: 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவின் பத்திரிகைப் படம். உடல்களோ அழும் முகங்களோ உள்ள படம் வேண்டாம். அந்தப் பக்கம் சொந்தம் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் முன்னாடியே தனியாகப் பேசிவிடவும்.

செய்தியில் எத்தனை கூற்றுகள் என்று கேளுங்கள். பெரும்பாலும் "ஒன்று" என்பார்கள். உண்மையில் இரண்டு: சரிவு நடந்தது, நிறுவனம் எச்சரித்தது. இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

தேடல் (30 நிமிடம்)

முதலில் அவர்கள் போக்கில் தேடட்டும். யாராவது "கொஸ்லந்தை 100 பேர் பலி" என்று போடுவார்கள். நிறுத்துங்கள். செய்தியில் இல்லாத எண் எங்கிருந்து வந்தது? பதிலை நாமே கேள்விக்குள் வைத்துத் தேடினால், அதற்கு ஒத்த பழைய செய்திகள்தான் முன்னால் வரும். அப்புறம் படிப்படியாக:

```
மண்சரிவு
கொஸ்லந்தை மண்சரிவு
கொஸ்லந்தை மண்சரிவு after:2026-06-15
Koslanda landslide after:2026-06-15
කොස්ලන්ද නායයෑම
site:nbro.gov.lk landslide early warning
```

after: அந்தத் தேதிக்குப் பிந்தியவற்றை மட்டும் காட்டும்; site: அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும், இங்கே அது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தளம். ஒவ்வொரு வரியிலும் எது மாறியது, முடிவு எப்படி மாறியது என்று கொப்பியில் எழுதவும். மும்மொழியிலும் தேடுவது இங்கே அலங்காரமல்ல. உள்ளூர்ச் செய்தி எந்த மொழியில் முதலில் வரும் என்று சொல்ல முடியாது. "கொஸ்லாந்த" என்றும் ஒருமுறை போடட்டும், எழுத்து மாறினால் முடிவும் மாறும்.

படத்தை Google Lens-இல் போடுங்கள். 2014-ஆம் ஆண்டுப் பக்கங்கள் வந்தால் முதல் கூற்றின் படம் பழையது. கூற்றே பொய் என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம்: பழைய படத்துடன் புதிய உண்மையும் வரலாம். ஜூனில் தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும். கொஸ்லந்தைப் பக்கத்துக்கு ஆண்டின் இறுதி மாதங்கள்தான் பெருமழைக் காலம். சந்தேகப்பட இது ஒரு காரணம், அவ்வளவே.

ஒப்பிடல் (25 நிமிடம்)

ஒரே செய்தியைச் சொல்லும் நான்கு பக்கங்களின் அச்சுகளைக் கொடுக்கவும் (நான் தயாரித்தவை). மூன்றில் "மண்சறிவு" என்ற ஒரே எழுத்துப்பிழை இருக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் வகுப்பு சத்தம் போடும், போடட்டும். அப்படியானால் யார் முதலில் சொன்னது? நேரில் பார்த்தவர் யார்?

இரண்டாம் கூற்றுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைத் தாள் ஒன்றைக் காட்டுங்கள். பிரதேச செயலகப் பிரிவின் பெயர், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிலை, எந்த நேரம் வரை செல்லும் என்பது எல்லாம் அதில் இருக்கும். "நம்ம மலை" என்று எந்தத் தாளும் பேசாது.

உண்மைச் செய்தியிலும் எண் ஆடும். மீரியபெத்தையில் முதல் நாள் காணாமல்போனோர் தொகை நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது. பிறகு வெகுவாகக் குறைந்தது. பொய் சொன்னார்கள் என்றல்ல, எண்ணி முடிக்கவில்லை. வெளியான நேரத்தையும் சேர்த்துப் படிக்கப் பழக்கவும்.

கட்டாயம் சொல்ல வேண்டியது (5 நிமிடம்)

சரிபார்ப்பது அனுப்புவதற்கு முன். ஓடுவதற்கு முன் அல்ல. லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், கூகுளைத் திறக்காமல் வீட்டை விட்டு இறங்கு. அப்புறம் 117-க்கு அழை. இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது.

வீட்டு வேலை (10 நிமிடம் விளக்கம்)

வீட்டில் யாருடைய போனிலாவது வந்த ஒரு செய்தியை எடுத்து, பயன்படுத்திய தேடல் வரிகளையும் கிடைத்த முதல் மூலத்தையும் அரைப் பக்கத்தில் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டு வரவும். அனுப்பியவர் பெயர் வேண்டாம். அது மாமாவாக இருந்தால் வீட்டில் வீண் சண்டை. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதினாலும், தேடிய வரிகள் இருந்தால் முழுப் புள்ளி.